லாட்டரியும் சக்கர நாற்காலியும்

மகிழ்ச்சி பற்றிய ஆங்கில நூல்களிலும், அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட நம்மூர் சுயமுன்னேற்ற நூல்களிலும் ஒரு கதை அடிக்கடி வரும். லாட்டரியில் பெருந்தொகை விழுந்தவர்களையும் விபத்தில் கைகால் செயலிழந்தவர்களையும் ஓராண்டு கழித்து விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தார்களாம். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு மகிழ்ச்சியோடு இருந்தார்களாம். ஆகவே பணமும் வேண்டாம், பயமும் வேண்டாம், மனசுதான் எல்லாம் என்று அத்தியாயம் முடியும். படிக்கும்போது இதமாக இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததற்கு ஒரு பல்கலைக்கழகம் முத்திரை குத்திக் கொடுத்தது போல.

இந்தக் கதைக்கு மூலம் உண்டு. பிலிப் பிரிக்மன், டான் கோட்ஸ், ரோனி ஜானஃப்-புல்மன் என்ற மூன்று உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அது. நேர்மையாகச் செய்யப்பட்ட, சுவாரசியமான, சிறிய ஆய்வு. அதில் இருப்பதும் நூல்கள் சொல்வதும் வேறு வேறு. அந்த இடைவெளியை ஒருமுறை நின்று பார்த்துவிட்டால், இந்த வகை நூல்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநில அரசு லாட்டரியில் பெரிய பரிசு பெற்றவர்களில் 22 பேர் பேச ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஏழு பேருக்கு விழுந்தது பத்து லட்சம் டாலர். கீழ்க்கோடியில் மூன்று பேருக்கு ஐம்பதாயிரம் டாலர். அவர்கள் குடியிருந்த பகுதிகளிலேயே, தொலைபேசி விவரப் புத்தகத்திலிருந்து, பரிசு எதுவும் விழாத 22 பேரை ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது குழுவில் 29 பேர். எல்லாரும் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு மறுவாழ்வு சிகிச்சையில் இருந்தவர்கள். 11 பேருக்கு இடுப்புக்குக் கீழே செயலில்லை, 18 பேருக்குக் கைகால் நான்குமே செயலில்லை. இவர்களுக்கு விபத்து நடந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

கேள்விகள் எளிமையானவை. இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். முன்பு எப்படி இருந்தீர்கள்? இன்னும் இரண்டு ஆண்டில் எப்படி இருப்பீர்கள்? நண்பரோடு பேசுவது, காலை உணவு சாப்பிடுவது, நகைச்சுவை கேட்டுச் சிரிப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் எவ்வளவு இன்பம் கிடைக்கிறது?

இப்போதைய மகிழ்ச்சிக்கு லாட்டரிக்காரர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி 4.00. ஒன்றும் விழாதவர்களின் சராசரி 3.82. விபத்துக்குள்ளானவர்களின் சராசரி 2.96.

இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு ‘மூவரும் சமம்’ என்று எப்படி எழுத முடிந்தது? லாட்டரிக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ள வித்தியாசம் 0.18. பக்கத்து வீட்டுக்காரருக்கும் விபத்துக்குள்ளானவருக்கும் உள்ள வித்தியாசம் 0.86, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. விபத்துக்குள்ளானவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சி குறைந்திருக்கிறார்கள், அது தற்செயல் அல்ல என்று கட்டுரையே தெளிவாகச் சொல்கிறது. கூடவே, நாம் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு அவர்கள் துவண்டுபோய்விடவில்லை என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தது. 2.96 என்பது அளவுகோலின் நடுப்புள்ளியான 2.5-க்கு மேலேதானே இருக்கிறது. அந்த ஆறுதல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு நூல் இன்னொரு நூலைப் பார்த்து எழுத, ‘எதிர்பார்த்த அளவுக்கு மோசமில்லை’ என்பது ‘நன்றாகத்தான் இருக்கிறார்கள்’ ஆகி, கடைசியில் ‘லாட்டரி விழுந்தவர் போலவே இருக்கிறார்கள்’ என்று ஆகிவிட்டது. ஹார்வர்டு உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டே 2004-இல் தமது புகழ்பெற்ற மேடை உரையில் இப்படித்தான் சொன்னார். பிற்பாடு, அந்த ஆய்வைத் தவறாக எடுத்துரைத்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். உரையைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கில். திருத்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சரி, விபத்துக் கதை போகட்டும். லாட்டரிப் பாதியாவது மிஞ்சுகிறதா? 4.00-க்கும் 3.82-க்கும் இடையே உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்த இடத்தில்தான் நூலாசிரியர்கள் வழுக்குகிறார்கள். ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்பது வேறு, ‘வித்தியாசம் இல்லை’ என்பது வேறு. இருட்டில் தேடியவர் கிடைக்கவில்லை என்றால் பொருள் அங்கே இல்லை என்றாகிவிடாது. எத்தனை வெளிச்சத்தில் தேடினார் என்று கேட்க வேண்டும். ஆய்வில் அந்த வெளிச்சம் ஆட்களின் எண்ணிக்கை.

இதை உயரத்தை வைத்துப் பார்க்கலாம். வளர்ந்த ஆண்களின் உயரம் சராசரியிலிருந்து ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் மேலும் கீழும் பரவிக் கிடக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களிலிருந்து ஊருக்கு 22 பேரை அளந்து, எந்த ஊரார் உயரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமான புள்ளியியல் சோதனை ஐந்தில் நான்கு முறையாவது சரியாகப் பிடிக்க வேண்டுமென்றால், இரு ஊர்களின் சராசரிக்கும் இடையே 6 சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருந்தாக வேண்டும். 2 சென்டிமீட்டர் வித்தியாசம் உண்மையிலேயே இருந்தாலும் 22 பேரை வைத்துப் பெரும்பாலும் அதைப் பார்க்கவே முடியாது. லாட்டரிப் பணம் மனிதரை மிதமாக மகிழ்வித்திருந்தால், 1978 ஆய்வின் கண்ணில் அது பட்டிருக்க வாய்ப்பு குறைவு.

இன்னொரு குறையும் உண்டு. எல்லாரிடமும் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள். லாட்டரி விழுவதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய நினைவைத் தவிரச் சாட்சி கிடையாது. நினைவு எப்படி வளையும் என்பதை அதே ஆய்வு காட்டுகிறது. ‘முன்பு எவ்வளவு மகிழ்ச்சி?’ என்ற கேள்விக்கு மூன்று குழுக்களில் மிக அதிகமாக மதிப்பெண் போட்டவர்கள் விபத்துக்குள்ளானவர்கள்தான்: 4.41. மற்றவர்கள் போட்டது 3.32, 3.77. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது பழைய நாட்கள் பொன்னாகத் தெரிவது இயல்பு. அதை அளவீடாக எடுத்துக்கொள்ள முடியாது.

விபத்து நடக்கும் முன்பே ஒருவருடைய மகிழ்ச்சியை அளந்து வைத்திருக்க வேண்டும். யாருக்கு விபத்து நடக்கும் என்று தெரியாதே! இதற்கு ஜெர்மானியர்களிடம் பொறுமையான விடை இருந்தது. 1984 முதல் மேற்கு ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆண்டுதோறும் சந்தித்து, வேலை, சம்பளம், உடல்நலம் என்று எல்லாவற்றையும் விசாரித்து வருகிறார்கள். ‘மொத்தத்தில் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி?’ என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணும் கேட்பார்கள். தொடங்கியவர்களுக்கு லாட்டரி ஆய்வும் நினைவில்லை, விபத்தும் நினைவில்லை. பொருளாதாரப் புள்ளிவிவரத்துக்காக ஆரம்பித்த வேலை. ஆனால் ஆண்டுகள் ஓட ஓட, அந்தக் குடும்பங்களில் திருமணம் நடந்தது, வேலை போனது, துணை இறந்தார், சிலருக்கு உடல் ஊனமும் வந்தது. அந்தந்த நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் அவர்கள் சொன்ன எண்கள் கோப்பில் தயாராக இருந்தன.

ரிச்சர்ட் லூக்கஸ் என்ற உளவியலாளர் அந்தக் கோப்பைத் திறந்தார். நீண்டகால ஊனம் ஏற்பட்ட 679 பேரை, அதற்கு முன் சராசரியாக ஏழு ஆண்டுகள், பின் ஏழு ஆண்டுகள் என்று தொடர்ந்து பார்க்க முடிந்தது. 2007-இல் அவர் வெளியிட்ட முடிவு: திருப்தி தெளிவாகச் சரிகிறது; ஊனம் கடுமையானால் சரிவும் பெரிது; பின் வரும் ஆண்டுகளில் அது பெரிதாக மீளவில்லை. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஆண்ட்ரூ ஆஸ்வால்டு, நட்டாவுத் பவுத்தவீ என்ற இரு பொருளியலாளர்கள் பிரிட்டனின் இதுபோன்ற கணக்கெடுப்பை வேறு முறையில் அலசி, இழந்ததில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மீள்கிறது என்றார்கள். எவ்வளவு மீள்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. முழுதும் மீண்டுவிடுகிறது என்று இரு தரப்பினருமே சொல்லவில்லை. துணையை இழந்தவர்கள் பழைய நிலைக்கு அருகில் வரச் சுமார் எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதும் இதே ஜெர்மன் கோப்பிலிருந்து வந்த செய்திதான். ‘எல்லாம் ஓராண்டில் பழகிவிடும்’ என்ற நூல் வாசகத்தை ஊனமுற்றவர் ஒருவரிடமோ கணவனை இழந்த பெண்ணிடமோ சொல்லிப் பார்க்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் இல்லை.

லாட்டரிக்கும் இதுபோல நல்ல ஆய்வு வர வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் எரிக் லிண்ட்க்விஸ்ட், ராபர்ட் ஓஸ்ட்லிங், டேவிட் செசரினி. களம் சுவீடன். (தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடைசெய்யப்பட்டது, நாம் பங்குபெற வழியில்லை.) இவர்களுடைய யோசனையின் அழகு, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. லாட்டரி விழுந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சீட்டே வாங்காதவராக இருக்கலாம். சீட்டு வாங்குகிறவரும் வாங்காதவரும் குணத்திலேயே வேறுபட்டிருக்கலாம். அதனால் சுவீடன் ஆய்வாளர்கள், அதே குலுக்கலில் பங்குபெற்று, பெரிய பரிசு விழாதவர்களையோ சிறிய பரிசு விழுந்தவர்களையோ எடுத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இருவருக்கிடையே குலுக்கலின் தற்செயலைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. மருந்தைச் சோதிக்கும்போது யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்களே, அதை இங்கே லாட்டரி நிறுவனமே செய்து கொடுத்துவிட்டது.

பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் ஆன பிறகு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. இன்னொரு ஒழுங்கையும் கடைப்பிடித்தார்கள். எந்தக் கேள்வியை எப்படிக் கணக்கிடுவோம், எதை வெற்றி என்போம் என்று விடைகள் கைக்கு வரும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டார்கள். விடைகளைப் பார்த்தபின் தனக்குப் பிடித்த முடிவு வரும்வரை கணக்கை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் உளவியலில் பல பிரபல முடிவுகளைக் கவிழ்த்திருக்கிறது. முன்பதிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது.

2020-இல் வெளிவந்த முடிவு இரண்டு தரப்புக் கதைகளுக்குமே பிடிக்காதது. பெரிய பரிசு விழுந்தவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருக்கிறார்கள். பத்தாண்டுக்கு மேலாகியும் அது தேயவில்லை. பணம் பழகிவிடும் என்ற கதை இங்கே உடைகிறது. ஆனால் அன்றாடம் எவ்வளவு மகிழ்ச்சியாக உணர்கிறீர்கள் என்ற கேள்விக்கும் மனநலம் பற்றிய கேள்விகளுக்கும் வந்த விளைவு அதைவிடச் சிறியது. திருப்தியும்கூட, ஒரு லட்சம் டாலருக்கு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால், மிகக் கொஞ்சம்தான். கூடிய திருப்தியில் பெரும்பங்கு வரவு செலவு பற்றிய நிம்மதி வழியாக வருகிறது. வாழ்க்கையை நின்று மதிப்பிடுவதும் அந்த நேரத்து உணர்வும் ஒன்றல்ல என்று இத்துறையில் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். ஒரே பணம் இரண்டையும் ஒரே அளவில் அசைப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஒரு நூல் ‘மகிழ்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லால் இரண்டையும் மூடிவிட்டால், அதன் ஆசிரியர் மூல ஆய்வைத் திறந்து பார்க்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

இனி நல்ல ஆய்வாளர் ஒருவருடைய நூலிலேயே நடந்த ஒன்று. போலி நூல்களைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோன்யா லியுபோமிர்ஸ்கி கலிஃபோர்னியாவில் உளவியல் பேராசிரியர், சோதனைகளைக் கவனமாகச் செய்பவர். 2005-இல் இரு சகாக்களோடு எழுதிய கட்டுரையில் ஒரு வட்டப் படம் போட்டார். மனிதர்களிடையே மகிழ்ச்சி வேறுபடுவதில் 50 சதவீதம் மரபு, 10 சதவீதம் வாழ்க்கைச் சூழ்நிலை, 40 சதவீதம் நாம் மனமுவந்து செய்யும் செயல்கள். 2007-இல் வந்த ‘த ஹவ் ஆஃப் ஹேப்பினஸ்’ நூலின் முதுகெலும்பு இந்தப் படம்தான். உங்கள் மகிழ்ச்சியில் 40 சதவீதம் உங்கள் கையில் என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று தேடினால் வியப்புதான் மிஞ்சும். 50 என்பது இரட்டையர் ஆய்வுகளிலிருந்து எடுத்தது. 10 என்பது வருமானம், திருமணம், வயது போன்றவற்றை மகிழ்ச்சியோடு ஒப்பிட்ட பழைய ஆய்வுகளிலிருந்து எடுத்தது. இரண்டையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் 40. யாரும் செயல்களை அளந்து 40 என்று கண்டுபிடிக்கவில்லை. அளக்காமல் விடுபட்ட சூழ்நிலைகள், அளவீட்டுப் பிழைகள், மரபும் சூழலும் சேர்ந்து செய்யும் வேலைகள் எல்லாமே அந்த மிச்சத்துக்குள் கிடக்கின்றன. அந்த மூட்டைக்கு ‘செயல்கள்’ என்று பெயர் ஒட்டப்பட்டது.

அதைவிடப் பெரிய வழுக்கல், ‘மனிதர்களிடையே உள்ள வேறுபாட்டில் 40 சதவீதம்’ என்பது ‘உங்கள் மகிழ்ச்சியில் 40 சதவீதம்’ ஆனது. மறுபடி உயரத்துக்கே போவோம். உயர வேறுபாட்டில் 80 சதவீதம் மரபால் என்றால், 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் உடலில் 136 சென்டிமீட்டரை மரபணு கட்டியது, மீதி 34-ஐச் சாப்பாடு கட்டியது என்று யாராவது சொல்வார்களா? இந்தச் சதவீதங்கள் கூட்டத்தைப் பற்றியவை. தனி மனிதரைப் பிரித்துப் பங்கு போட உதவாது. போதாக்குறைக்கு, அவை கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். எல்லாருக்கும் ஓரளவு சோறும் மருத்துவமும் கிடைக்கும் நாட்டில் சூழ்நிலையின் பங்கு சிறியதாகத் தெரியும். போர் நடக்கும் நாட்டில் அதே பங்கு பெருகும்.

இவற்றை எல்லாம் நிக் பிரவுன், யூலியா ரோரர் என்ற இருவர் 2019-இல் ஒரு கட்டுரையில் வரிசையாக எடுத்து வைத்தார்கள். அடுத்து நடந்தது இத்துறைக்குப் பெருமை. லியுபோமிர்ஸ்கியும் அவருடைய பழைய சகா கென்னன் ஷெல்டனும் பதில் எழுதினார்கள். வட்டப் படம் விஷயத்தை மிகவும் எளிமையாக்கிவிட்டது, செயல்களின் பங்கு 40-ஐவிடக் குறைவாகவே இருக்கக்கூடும், ஆனால் முயன்றால் மகிழ்ச்சியை ஓரளவு கூட்டலாம் என்ற மையக் கருத்தில் உறுதியாக இருக்கிறோம் என்பது அவர்கள் நிலை. இந்த மையக் கருத்து நியாயமானதுதான். உடைந்தது எண் மட்டும். ஆனால் நூலை விற்றுக் கொடுத்தது அந்த எண்.

கடையில் நின்று ஒரு நூலைப் புரட்டும்போது நான் பார்ப்பது சில விஷயங்களைத்தான். ஆய்வு என்று சொன்ன இடத்தில் எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள், எத்தனை நாள் கழித்து என்று ஒரு வாக்கியமாவது இருக்கிறதா? ‘சராசரியாக’ என்ற சொல் வருகிறதா, அல்லது ஒவ்வொரு முடிவும் ‘நீங்கள்’ என்று நம்மையே குறிபார்க்கிறதா? ஆசிரியர் எங்காவது ‘இது பிறகு பொய்த்தது’ என்று தம் துறையின் முடிவு ஒன்றைக் கைவிடுகிறாரா? கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும் நூல்கள் மிகக் குறைவு.

மகிழ்ச்சி ஆய்வைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான எட் டீனர் அப்படி ஓர் அபூர்வ மனிதர். 2021-இல் மறைந்தார். மனிதர் எதற்கும் பழகி அடிப்படை நிலைக்குத் திரும்பிவிடுவார் என்ற பழைய கோட்பாட்டை எங்கெங்கே திருத்த வேண்டும் என்று, லூக்கஸோடும் கிறிஸ்டி ஸ்காலனோடும் சேர்ந்து 2006-இல் அவர் எழுதினார். மகன் ராபர்ட்டோடு 2008-இல் எழுதிய ‘ஹேப்பினஸ்’ பொது வாசகருக்கான நூல். மகிழ்ச்சி கூடக்கூட எல்லாம் நல்லது என்ற எண்ணத்தையே அது கேள்வி கேட்கிறது.

ஒரே ஒரு நூல்தான் வாங்க முடியும் என்றால், 2018-இல் ஆண்ட்ரூ கிளார்க், ரிச்சர்ட் லேயார்டு, பவுத்தவீ உட்பட ஐவர் எழுதிய ‘தி ஆரிஜின்ஸ் ஆஃப் ஹேப்பினஸ்’ நூலை வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மனிதர்களைத் தொடர்ந்த கணக்கெடுப்புகள்தான் அதன் அடிப்படை. துயரத்தில் இருப்பவர்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துவதில் வறுமையைவிட மனநோய்க்குப் பங்கு அதிகம் என்ற முடிவை அட்டவணையோடு வைக்கிறார்கள். பக்கத்திலேயே பிழை எல்லையையும் அச்சிட்டிருக்கிறார்கள். வாசிக்கக் கொஞ்சம் வறட்சியான நூல்தான். காலையில் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை.